கணக்குப் பயத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று கணக்கு

கற்பிட்டிக் கரையில் மீன்பிடிப் பருவத்துக்கு வாடி மாறும் குடும்பத்துப் பிள்ளைக்கு இடையில் சில வாரப் பாடம் விடுபடும். அந்த வாரங்களில் வகுப்பில் பின்னம் நடந்திருந்தால், தரம் 10இல் சதவீதமும் சமன்பாடும் புரியாமல் போகும். பிள்ளையோ தனக்குக் கணக்கே வராது என்று நம்பிவிடும். ஆகவே முதலில் எந்த இடத்தில் விடுபட்டது என்று பாருங்கள். கீழ்வகுப்புப் புத்தகங்களிலிருந்து ஏழெட்டுக் கணக்குகளை இலேசிலிருந்து கடினத்துக்கு எழுதிக் கொடுங்கள். புள்ளி போட வேண்டாம். எந்தக் கணக்கில் பேனை நிற்கிறதோ, அதற்கு இரண்டு படி கீழே தொடங்குங்கள்.

இனி நாளுக்கு மூன்று கணக்கு போதும். முதலாவது, நிச்சயமாகச் சரிவரக்கூடியது. இரண்டாவது, நேற்றுச் செய்ததை எண் மாற்றியது. மூன்றாவது மட்டும் ஒரு படி புதியது.

பின்னத்தில் நின்ற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 என்றால் மேலும் கீழும் கூட்டி 2/5 என்று எழுதும். உடனே பிழை என்று சொல்லாதீர்கள்.

“மகள், 2/5 அரையை விடக் கூடவா, குறைவா?”

“குறைவு.”

“அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டினோமே, எப்படிக் குறைஞ்சது?”

பிழையைத் தானே பிடிக்கத் தெரிந்ததுதான் அன்றைய வெற்றி. விடை நாளைக்கு வரட்டும். மறுநாள் சதுரக் கொப்பியில் 12 கட்டங்களை ஒரே வரிசையில் அடைக்கச் சொல்லுங்கள். அதில் பாதி 6 கட்டம், மூன்றிலொன்று 4 கட்டம், சேர்த்தால் 10. அதாவது 10/12, சுருக்கினால் 5/6. அடுத்த நாள் அதே 12 கட்டத்தில் 1/4 + 1/3. கட்டம் வரையாமலே பொதுப் பகுதியைச் சொல்லத் தொடங்கினால்தான் அடுத்த படி.

பெரும்பாலும் கெடுப்பது பெரியவர்களின் அவசரம். மூன்றும் சரிவந்ததும் “இன்னும் பத்துச் செய்” என்றால் அடுத்த நாள் கொப்பி ஒளிந்துவிடும். எழுதுமுன் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தால், அல்லது அழித்து அழித்து எழுதினால், படி உயரமாகிவிட்டது, ஒன்று இறங்குங்கள். “கெட்டிக்காரி” என்பதை விட, “பொதுப் பகுதியை நீயே கண்டுபிடிச்சிட்டாய்” என்று நடந்ததைச் சொல்லுங்கள். பல வாரமாகியும் சிறு எண்களில் எது பெரியது என்பதே தடுமாறினால், பயத்தைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம். அதை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

பின்னம் கைவந்ததும் சாதாரண தரக் கடந்தகால வினாத்தாளை எடுக்கலாம். முதலாம் வினாத்தாளின் முற்பகுதியில் தலா 2 புள்ளியுடைய 25 சிறு வினாக்கள் வரும். அவற்றில் பின்னமும் சதவீதமும் உள்ளவற்றை மட்டும் வெட்டி, நாளுக்கு ஒன்றாக மூன்றாவது கணக்கின் இடத்தில் வையுங்கள்.