கிரெடிட் லிமிட்டை உயர்த்தக் கேட்கும் முன்

கிள்ளானில் வீட்டோடு சேர்த்து முறுக்குத் தொழில் நடத்தும் ஓர் அண்ணனை எடுத்துக்கொள்வோம். மாவும் எண்ணெயும் ஒரே சப்ளையரிடம்தான். வாரம் ஒரு லோரி, 2,000 வெள்ளி பில். பில் தேதியிலிருந்து 30 நாளில் கட்ட வேண்டும், லிமிட் 10,000 வெள்ளி. இப்போது இரண்டு பேரங்காடிகள் ஆர்டர் கொடுத்திருப்பதால் வாரத்துக்கு 3,500 வெள்ளி சரக்கு தேவைப்படுகிறது. முதல் வாரமே போன் வருகிறது: "அண்ணே, லிமிட் தாண்டிடும், லோரி வராது."

அண்ணன் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லையே, ஏன் நிறுத்தினார்கள்? லிமிட் என்பது கெடு தாண்டிய கடனுக்கு மட்டும் இல்லைங்க. இன்னும் கட்டாத எல்லா பில்லும் அதில் சேரும். முதல் பில்லுக்குப் பணம் கட்டும் 30-ஆம் நாளுக்குள் ஐந்து லோரி வந்துவிடும் (0, 7, 14, 21, 28-ஆம் நாட்கள்). பழைய கணக்கில் ஐந்து பில் சரியாக 10,000. புதிய கணக்கில் 17,500. அதனால் அவர் கேட்க வேண்டியது 18,000. "ஒரு 30,000 கொடுங்களேன்" என்று கேட்டால், அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று சப்ளையர் கேட்பார், பதில் இருக்காது. இன்னொன்றும் கவனிங்க. ஒரு வாரம் தாமதித்தால் ஆறாவது பில்லும் சேர்ந்து 21,000 ஆகிவிடும். அப்போது உயர்த்திய லிமிட்டும் பத்தாது.

அடுத்தது, கட்டிய வரலாறு. "நான் ஒழுங்கா கட்டுறவன்" என்று வாயால் சொல்வதில் பயனில்லை, சப்ளையரின் கணக்குப் பிரிவில் ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் நம்ம பதிவை நாமே எழுதிப் பார்க்கணும். கடந்த 12 மாத பில்களை எடுத்து பில் தேதி, கெடு, தொகை, பணம் அவர்கள் கணக்கில் சேர்ந்த தேதி என நான்கு பத்தி போட்டால் போதும். செக் எழுதிய தேதியைப் போடாதீங்க. வெள்ளிக்கிழமை மாலை கொடுத்த செக் அடுத்த வாரம்தான் சேரும், அவர்கள் எண்ணுவது அந்த நாளைத்தான்.

அண்ணனுக்கு 50 பில்லில் 43 கெடுவுக்குள், 5 நான்கு நாளுக்குள் தாமதம். மீதி 2 பில்லில் மாவு மூட்டை கிழிந்து வந்ததால், கிரெடிட் நோட் வரும்வரை பணத்தைப் பிடித்து வைத்திருந்தார். அவர் பக்கம் நியாயம் இருக்கலாம், ஆனால் சப்ளையர் புத்தகத்தில் அதுவும் தாமதமாகத்தான் தெரியும். ஆகவே அந்த இரண்டையும் மறைக்காமல், கிரெடிட் நோட் எண்ணோடு கடிதத்திலேயே எழுதுவது நல்லது. அவர்களே கண்டுபிடித்துக் கேட்டால் அதே விஷயம் வேறு மாதிரி ஆகிவிடும்.

பிறகு வணிகச் சான்று, அதாவது நமக்குக் கடன் கொடுத்திருக்கும் மற்ற சப்ளையர்களின் பெயர்கள். இரண்டு மூன்று போதும். அவர்களிடம் கேட்கப்போவது இவைதான்: எத்தனை வருடப் பழக்கம், லிமிட் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு பாக்கி நின்றது, எத்தனை நாள் தாமதம், செக் திரும்பியதா? ரொக்கத்துக்கு கேஸ் தோம்பு வாங்கும் கடை நம்மை எவ்வளவு புகழ்ந்தாலும் இதில் எதற்கும் பதில் சொல்ல முடியாது. மாமா கடையும் அப்படித்தான். அண்ணனுக்கு உதவுவது பிளாஸ்டிக் பை சப்ளையர்: மூன்று வருடம், 8,000 வெள்ளி லிமிட். முதலில் அவர் அனுமதி வாங்கணும், சேல்ஸ்மேன் நம்பர் இல்லாமல் கணக்குப் பிரிவு நம்பரைக் கொடுக்கணும். இதோடு சப்ளையர் சிடிஓஎஸ் அறிக்கையும் எடுப்பார் என்பதால், நாமே முன்கூட்டி ஒன்று எடுத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடிதம் ஒரு பக்கம் தாண்டக்கூடாது. புது ஆர்டர், ஐந்து பில் கணக்கு, 12 மாதப் பட்டியல், சான்று தருபவர்கள், அவ்வளவுதான். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாத அவசரத்தை இதில் கலக்க வேண்டாம். அதற்குத் தற்காலிக லிமிட் என்று, முடியும் தேதி போட்டுத் தனியாகக் கேட்கலாம்.

லிமிட் கிடைத்தாலும் ஒன்று தீராது. பேரங்காடி 60 நாளில் பணம் தருகிறது, சப்ளையருக்கு 30 நாளில் கட்டணும். நடுவில் இருக்கும் 30 நாளுக்கான பணம் அண்ணன் கையில் இருந்தாகணும். அது இல்லாமல் லிமிட்டை மட்டும் உயர்த்தினால், 10,000 வெள்ளியில் மாட்டியிருக்க வேண்டியவர் 18,000 வெள்ளியில் மாட்டுவார். அப்படிப்பட்டவர் 45 நாள் கெடுவையும் அதற்கேற்ற லிமிட்டையும் சேர்த்துக் கேட்பதுதான் சரி.

கடைசியாக, சப்ளையர் சம்மதித்து ஒரு பாரத்தை நீட்டும்போது நிதானமாகப் படிங்க. சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாக இருந்தால் இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பது வழக்கம். நிறுவனம் கட்டாவிட்டால் கையெழுத்துப் போட்டவர் சொந்தப் பணத்தில் கட்டணும் என்பதுதான் அதன் பொருள். பல வீடுகளில் மகன் தொழில் நடத்துவார், இயக்குநராக அப்பாவின் பெயரும் இருக்கும், அவரும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். தொகை குறிப்பிடாத உத்தரவாதம் என்றால், நாளை லிமிட் 50,000 ஆனாலும் அது அப்பா தலையில்தான் விழும். "18,000 வெள்ளி வரை மட்டும்" என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. எழுதித் தந்த பிறகு அப்பாவிடம் கொடுக்கலாம்.