ஏக்கருக்கு எத்தனை மூட்டை? உர விளம்பரத்தைக் கணக்கிட்டுப் படிப்போம்

மாணவர்களே, உரம் விற்பவர்கள் கைப்பேசியில் பகிரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் வாடிய மிளகாய்ச் செடி, வலப்பக்கம் காய்த்துக் குலுங்கும் செடி, அடியில் இரண்டு வரி. அப்படி ஒரு வரியை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம்.

"தூய மண்புழு உரம். ஏக்கருக்கு 4 மூட்டை போதும். விளைச்சல் இரட்டிப்பு!"

இதை நம்பலாமா? பெருக்கலும் விழுக்காடும் தெரிந்தால் நீங்களே சொல்லிவிடலாம்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

ஒரு மூட்டை 25 கிலோ என்றால் 4 மூட்டை 100 கிலோ. ஆனால் மண்புழு உரம் ஈரமான பொருள். அதில் 30 விழுக்காடு நீர் என்று கொள்வோம். மீதமுள்ள உலர்ந்த பொருள் 70 கிலோ.

இலையும் தண்டும் வளரச் செடிக்கு அதிகம் தேவைப்படும் சத்து நைட்ரஜன். மண்புழு உரத்தின் உலர் எடையில் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரை நைட்ரஜன் இருக்கும். நடுவில் உள்ள 1.5 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால், 70 கிலோவில் இருக்கும் நைட்ரஜன் 1.05 கிலோ.

அந்த 1.05 கிலோவும் உடனே செடிக்குக் கிடைக்காது. அதில் பெரும்பகுதி கரிமச் சேர்மங்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. செடியின் வேர் அதை அப்படியே உறிஞ்ச முடியாது. மண்ணில் உள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் அச்சேர்மங்களைச் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகே வேருக்குப் போகும். இந்த மாற்றத்தைக் கனிமமாதல் என்கிறோம். நன்கு மக்கிய உரத்தில் முதல் பருவத்தில் வெளிவருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆக, நம் 4 மூட்டையிலிருந்து அந்தப் பருவத்தில் கிடைப்பது சுமார் 0.2 கிலோ நைட்ரஜன்.

யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. எனவே 0.2 கிலோ நைட்ரஜன் என்பது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான யூரியாவுக்குச் சமம். அதை ஒரு முழு ஏக்கருக்கு, அதாவது 4,047 சதுர மீட்டருக்குத் தூவுகிறோம்! ஒரு காய்கறிப் பயிருக்கு ஏக்கருக்கு 40 கிலோ நைட்ரஜன் தேவை என்று வைத்துக்கொண்டால், அந்த 4 மூட்டை தருவது தேவையில் இருநூறில் ஒரு பங்கு. விளைச்சல் இரட்டிப்பாக வழியே இல்லை. படத்தில் உள்ள செழிப்பான செடிக்கு வேறு உரமோ, நல்ல மண்ணோ, கூடுதல் நீரோ கிடைத்திருக்க வேண்டும்.

நேர்மையான அளவு எது?

இப்போது ஏக்கருக்கு 2 டன் இடுவதாகக் கொள்வோம். அது 80 மூட்டை. அதே வழியில் கணக்கிட்டால் உலர்ந்த பொருள் 1,400 கிலோ, அதில் நைட்ரஜன் 21 கிலோ, முதல் பருவத்தில் வெளிவருவது சுமார் 4 கிலோ. தேவையில் பத்தில் ஒரு பங்கு கிடைக்கிறது. மீதியை வேறு உரத்திலிருந்து கொடுக்க வேண்டும்.

அப்படியானால் 20 டன் கொட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். நைட்ரஜன் கணக்கு சரியாகிவிடும். ஆனால் செலவு தாங்காது. கூடவே பாஸ்பரஸும் பயிரின் தேவைக்கு மேல் வந்து சேரும். ஆண்டுதோறும் அப்படிச் செய்தால் மண்ணில் தேங்கும் பாஸ்பரஸ் மழையில் அரிபட்டு ஓடைகளுக்குப் போய், அங்கே பாசியைப் பெருக்கும். கரிம உரத்துக்கும் மிகை அளவு என்று ஒன்று உண்டு.

பிறகு எதற்காக இடுகிறோம்?

கரிம உரத்தின் முக்கியப் பயன் மண்ணின் கட்டமைப்பு. மணல் மண்ணில் அது நீரையும் சத்தையும் பிடித்து வைக்கிறது, களிமண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. ஆனால் இதுவும் மெதுவாகவே நடக்கும். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 800 டன். நாம் இட்ட 2 டன்னில் உலர்ந்த கரிமப் பொருள் ஏறத்தாழ 700 கிலோ. மண்ணின் எடையில் அது 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்று கார்பன் டை ஆக்சைடாக வெளிவிட்டுவிடும். எனவே "ஒரே பருவத்தில் மண் மாறும்" என்பதும் மிகைதான். பல பருவங்கள் தொடர்ந்து இட்டால்தான் மாற்றம் தெரியும்.

மண்ணைப் பொறுத்தும் பலன் மாறும். பழைய ஈயச் சுரங்க நிலம், கடலோர மணல் நிலம் போன்றவற்றில் சத்தும் கரிமமும் மிகக் குறைவு. அங்கே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஏற்கெனவே நன்றாக உரமிட்டு வளமாக இருக்கும் தோட்டத்தில் எந்த வேறுபாடும் தெரியாமல் போகலாம்.

மக்காத உரம் செய்யும் கேடு

சில நேரம் கரிம உரம் இட்ட பிறகு செடி மஞ்சளாகிவிடும். அதற்குக் காரணம் பெரும்பாலும் முழுமையாக மக்காத உரம். மரத்தூள், வைக்கோல் போன்றவற்றில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. கார்பனைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜனும் வேண்டும். உரத்தில் கிடைக்காதபோது மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்; செடி பட்டினி கிடக்கும். கார்பன், நைட்ரஜன் விகிதம் 30க்கு மேல் இருந்தால் இந்த ஆபத்து உண்டு. 20க்குக் கீழே இருந்தால் நைட்ரஜன் வெளிவரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கைப்பிடி உரத்தை ஈரமாக்கி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நான்கு நாள் வையுங்கள். திறக்கும்போது மண்வாசனை வந்தால் மக்கியிருக்கிறது. அம்மோனியா நெடியோ அழுகல் நாற்றமோ வந்தால் இன்னும் மக்கவில்லை.

வரியைத் திருத்தி எழுதுவோம்

இப்போது அந்த விற்பனையாளர் நேர்மையாக எழுதினால் எப்படி இருக்கும்?

"மண்புழு உரம். ஈரம் 30%, நைட்ரஜன் 1.5% (உலர் எடையில்). ஏக்கருக்கு 2 டன், நடவுக்கு முன் மேல்மண்ணில் கலக்கவும். முதல் பருவத்தில் சுமார் 4 கிலோ நைட்ரஜன் மட்டுமே கிடைக்கும். மற்ற உரத்தை நிறுத்த வேண்டாம். மணல் மண்ணில் பலன் கூடுதலாகத் தெரியும். வளமான மண்ணில் முதல் பருவத்தில் வேறுபாடு தெரியாமலும் போகலாம். உரம் இடாத பாத்தி ஒன்றை விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். உரம் இடாத பாத்திதான் நம் ஆய்வுக்கூடப் பாடத்தில் வரும் கட்டுப்பாட்டு அமைப்பு. ஒரே விதை, ஒரே நீர், ஒரே நாளில் நடவு. உரம் மட்டுமே வேறு. ஒரு பாத்தி தற்செயலாகச் செழித்துவிடலாம் என்பதால் ஒவ்வொன்றிலும் மூன்று பாத்தி வைத்து, காய்களை நிறுத்துச் சராசரி காண வேண்டும்.

செய்து பாருங்கள்: ஏக்கருக்கு 2 டன் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு? பள்ளித் தோட்டத்தில் 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளமுள்ள பாத்திக்கு எவ்வளவு வேண்டும்?

விடை: 2,000 கிலோவை 4,047ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ, பாத்திக்கு 1.5 கிலோ. அந்த "4 மூட்டை" அளவின்படி இதே பாத்திக்குக் கிடைப்பது 75 கிராம்கூட இல்லை.