முதல் காருக்கு எத்தனை பிஎச்பி?

ஆட்டையாம்பட்டியில் யார் முதல் கார் வாங்கினாலும் விசாரிப்பு இரண்டுதான்: மைலேஜ் எவ்வளவு, இழுவை எப்படி? போன வருஷம் அக்கா மகன் முறுக்குக் கடைக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வண்டி பார்த்தான். "மாமா, ஒரு லிட்டர் இன்ஜின் கொல்லிமலை ஏறாதுங்கறாங்க" என்றான்.

ஏறும். சிறிய காரில் நாலு பேர் உட்கார்ந்து சமதரையில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போக, பத்துப் பன்னிரண்டு பிஎச்பி போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 30 கி.மீ. வேகத்தில் ஏறினாலும் தேவை 20ஐத் தாண்டாது. ஒரு லிட்டர் வேகன் ஆர் தருவது சுமார் 66.

பிறகு ஏன் திணறுகிறது? அந்த 66 வருவது நிமிடத்துக்கு 5500 சுற்றில். நாம் மைலேஜ் ஆசையில் மூன்றாவது கியரிலேயே, 1500 சுற்றில் ஏறப் பார்க்கிறோம். அங்கே இருப்பது அதில் கால் பங்கு கூட இல்லை. முனகல் கேட்டவுடன் இரண்டுக்கு இறக்கினால் போதும், இன்ஜின் அலறுகிறதே என்று பயப்பட வேண்டாம். பெரிய இன்ஜின் உண்மையிலேயே உதவுவது நாமக்கல் நான்குவழிச் சாலையில் லாரியை முந்தும்போது. வாரம்தோறும் ஐந்து பேரோடு வெளியூர் போகிறவர்கள் 1.2 லிட்டர் எடுக்கலாம். சேலத்துக்குப் போய்வருவதுதான் வேலை என்றால் அது வீண் செலவு.

இனி மைலேஜ். விளம்பரத்தில் வரும் எண் பொய் இல்லை, ஆனால் ரோட்டில் எடுத்ததும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் வண்டியை நிறுத்தி, ஏசி இல்லாமல், சுமார் 20 நிமிடம் ஓட்டி எடுப்பது. வேகம் 90ஐத் தாண்டாது. நாமோ 100ல் போகிறோம். 80ஐவிட அப்போது காரை எதிர்க்கும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஏசி, சேலம் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் அந்த எண்ணில் எழுபது சதவீதம் கிடைத்தால் சந்தோஷப்படலாம்.

உண்மை தெரிய, பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்நூறு கி.மீ. ஓடிய பின் அதே பங்க்கில் அதே பம்ப்பில் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

அவனுக்கு ஒரு கணக்கும் போட்டுக் கொடுத்தேன். 24 சொல்லும் வண்டி, 22 சொல்லும் வண்டி. எழுபது சதவீதத்தில் 16.8, 15.4. மாதம் 1000 கி.மீ. ஓடினால் வித்தியாசம் ஐந்தரை லிட்டர்கூட இல்லை. லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 540 ரூபாய். அந்த இரண்டு கிலோமீட்டருக்காக ஒரு லட்சம் அதிகம் கொடுத்தால் திரும்பி வர 15 வருஷம் ஆகும்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லாரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள்.