சாவி கைக்கு வந்தால் போதுமா?

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். திருச்சி கே.கே. நகரில் அவன் பெயரில் நாலு போர்ஷன் வீடு இருக்கிறது. குடிவைப்பது, வாடகை வசூலிப்பது, ரிப்பேர் பார்ப்பது எல்லாவற்றையும் ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் மூன்று வருட ஒப்பந்தத்தில் விட்டிருந்தோம். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. ஆறு மாதமாகக் கணக்கு சரியாக வருவதில்லை. போனில் கூப்பிட்டு, "இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். "மோட்டார் ரிப்பேர் செலவு, கமிஷன் பாக்கி எல்லாம் செட்டில் பண்ணினால்தான் சாவி, பேப்பர்" என்கிறார்கள். குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸ் 1,02,000 ரூபாயும் அவர்களிடம்தான் இருக்கிறது. சாவியை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குன்றாண்டார்கோவில்

பதில்: தீராது. சாவி கடைசியாக வர வேண்டியது. அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றில் முதலாவது, ஒப்பந்தத்தையே முறைப்படி முடிப்பது. பெரியவர் போனில் சொன்னதால் அது முடியவில்லை.

வீடு மகன் பெயரில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரும் மகன்தான். தந்தைக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, அவர் சொல்லும் 'நிறுத்துங்கள்' என்ற சொல் நிறுவனத்தைக் கட்டாது. வாசகர் அனுப்பியிருக்கும் ஒப்பந்த நகலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எந்தத் தரப்பும் 60 நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவித்து விலகலாம் என்று ஒரு ஷரத்து போட்டிருக்கிறார்கள். இது குடும்பத்துக்குச் சாதகமான ஷரத்து. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 205-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட காலத்துக்கு என்று அமர்த்திய முகவரைத் தக்க காரணமில்லாமல் இடையில் நீக்கினால் நஷ்டஈடு தர வேண்டியிருக்கும். அடுத்த பிரிவு, நியாயமான முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கினால் அதனால் வரும் இழப்பை ஈடுகட்டச் சொல்கிறது. ஒப்பந்தமே 60 நாளில் விலக வழிவிட்டிருப்பதால், அந்த வழியில் போனால் மீதி ஒன்றரை வருடக் கமிஷனைக் கேட்க நிறுவனத்துக்கு இடமிருக்காது.

ஆகவே மகன் தன் பெயரில் ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். ஒப்பந்தத் தேதி, எந்த ஷரத்தின் கீழ் விலகுகிறார், கடிதம் கிடைத்த நாளிலிருந்து 60-ஆம் நாள் என்ன தேதி, அன்று யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். கணக்குக் குளறுபடியைப் பற்றிய கோபத்தை அந்தக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். காரணம் சொல்லாமலே விலக உரிமை இருக்கும்போது, காரணம் எழுதி அதை நிரூபிக்கும் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வானேன்? கையெழுத்திட்ட பிரதியை மின்னஞ்சலிலும், மூலத்தை ஒப்புகை கேட்டுத் தபாலிலும் நிறுவனத்தின் ஒப்பந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும். தந்தையின் பெயரைப் போட்டு, 'சாவி, ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள மட்டும் இவருக்கு அதிகாரம்' என்று ஒரு தனிக் கடிதமும் வேண்டும். நிறுவனத்துக்குப் பதிவு செய்த பவர் பத்திரம் கொடுத்திருந்தால் கடிதம் மட்டும் போதாது. அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரமும் பதிய வேண்டும்.

பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஆபத்து இதற்குப் பிறகுதான். அதிகார ரத்து முகவருக்கு அவர் அறிந்த நாளில் அமலுக்கு வருகிறது. மூன்றாம் ஆட்களுக்கோ அவர்கள் அறிந்த நாளில்தான் என்கிறது 208-ஆம் பிரிவு. சட்டத்தை எழுதியவர்கள் இதற்கு ஒரு மெட்ராஸ்காரரின் கதையையே உதாரணமாக வைத்திருக்கிறார்கள். மெட்ராஸில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் கிடக்கும் தன் பஞ்சை விற்கச் சொல்லி அங்குள்ள முகவருக்குக் கடிதம் போடுகிறார். பிறகு, 'விற்க வேண்டாம், இங்கே அனுப்பு' என்று இன்னொரு கடிதம். இரண்டாவது கடிதம் கையில் கிடைத்த பிறகும் முகவர் பஞ்சை விற்று, பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் கொடுத்த பணம் செல்லும், நஷ்டம் மெட்ராஸ்காரருக்கு.

பஞ்சுக்குப் பதிலாக வாடகையை வைத்துப் பார்த்தால் போதும். 61-ஆம் நாளில் மாடி போர்ஷன்காரர், விஷயம் தெரியாமல், வழக்கம்போல நிறுவனத்தின் ஜிபே எண்ணுக்கு 8,000 ரூபாய் அனுப்பினால் அவர் வாடகை கொடுத்துவிட்டதாகவே கணக்கு. மகன் அவரிடம் மறுபடி கேட்க முடியாது. அதனால் நிறுவனத்துக்குக் கடிதம் போகும் அதே வாரத்தில் நான்கு குடித்தனங்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் போக வேண்டும்: இந்தத் தேதி முதல் வாடகையை உரிமையாளரின் இந்த என்.ஆர்.ஓ. கணக்கில் கட்டுங்கள், இந்த எண்ணில் தொடர்புகொள்ளுங்கள் என்று. நகலில் அவர்கள் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைக்க வேண்டும். திருச்சி மாநகராட்சி எல்லைக்குள் வாடகை ஒப்பந்தங்களை 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் சொத்து மேலாளர் பெயரைக் குறிப்பிட இடம் உண்டு. நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால் மாற்றத்தை எழுதித் தெரிவிப்பது நல்லது.

இனி அட்வான்ஸ். வாசகரின் கேள்வியில் கனமான பகுதி இதுதான். கீழ்த்தளம் இரண்டும் 9,000 வாடகை, மாடி இரண்டும் 8,000. மூன்று மாத வாடகை அட்வான்ஸ் என்று 27,000 இரண்டு, 24,000 இரண்டு, ஆக 1,02,000. இங்கிலாந்தில் குடியிருப்பவரின் டெபாசிட்டை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும் என்று 2007 முதல் கட்டாயம். நம் ஊரில் அப்படி இல்லை. ஆகவே அந்தப் பணம் நிறுவனத்தின் நடப்புக் கணக்கில், வேறு பத்து வீட்டு வாடகையோடு கலந்துதான் கிடக்கும். ஆனால் அதை நிறுவனம் வாங்கியது மகனின் முகவராக. குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியவர் வீட்டுக்காரர்தான். 'கம்பெனிக்காரனிடம் கேளுங்கள்' என்று கைகாட்ட வழியில்லை.

நிறுவனம் கேட்கும் பாக்கி, கடைசி மாதக் கமிஷன் 5 சதவீதம், அதாவது 34,000 ரூபாய் வாடகைக்கு 1,700. அதோடு மோட்டார் ரிப்பேர் 11,500. முகவர் தன் கைக்கு வந்த பணத்திலிருந்து நியாயமான செலவையும் கூலியையும் கழித்துக்கொள்ள 217-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே பில் இருக்குமானால் 13,200 ரூபாயும் கழிக்கத் தக்கதுதான். எதிலிருந்து கழிப்பது என்பதில்தான் உரிமையாளர் உறுதியாக நிற்க வேண்டும். கடைசி மாத வாடகை 34,000-இல் கழித்தால் மீதி 20,800. அது ஒரு பரிமாற்றம். அட்வான்ஸ் 1,02,000 ஒரு ரூபாய் குறையாமல் இன்னொரு பரிமாற்றம். இரண்டையும் சேர்த்து 1,22,800 என்று ஒரே தொகையாக வாங்கிவிட்டால், எந்த வீட்டு அட்வான்ஸ் முழுதாக வந்தது என்று இரண்டு வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

பணம் வந்ததும், போர்ஷனுக்கு ஒன்றாக நான்கு ஒப்புகைக் கடிதம் தயாரித்து, நிறுவனம், உரிமையாளர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திட வேண்டும். அட்வான்ஸ் எவ்வளவு, என்று கொடுத்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்ற மூன்று வரி போதும். குடியிருப்பவர் தன் வாயால் சொல்லும் தொகையும் நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள தொகையும் வேறுபடுகிறதா என்பது அந்தக் கையெழுத்தின்போதே வெளிவந்துவிடும். நிறுவன ஊழியர் ரசீது இல்லாமல் கூடுதலாக வாங்கியிருந்தால் இங்கேதான் பிடிபடும்.

'பாக்கி கொடுத்தால்தான் பேப்பர்' என்ற பேச்சு வெறும் மிரட்டல் அல்ல. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, தனக்கு வர வேண்டியது தீரும்வரை முதலாளியின் காகிதங்களையும் சொத்தையும் பிடித்து வைக்க 221-ஆம் பிரிவு முகவருக்கு இடம் தருகிறது. அதற்காக வீடே அவர்கள் வசம் ஆகிவிடாது. மதுரை சதர்ன் ரோட்வேஸ் நிறுவனத்துக்கும் அதன் பெங்களூர் கமிஷன் ஏஜெண்டுக்கும் இடையே, ஏஜென்சி முடிந்த பிறகு கிடங்கு யார் வசம் என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முகவரின் கையில் இருப்பது முதலாளியின் கையில் இருப்பதேதான், ஏஜென்சி முடிந்த பின் அவருக்கு அங்கே தனி உரிமை கிடையாது என்று 1989-இல் தீர்ப்பானது. ஆகவே தகராறில்லாத 1,700 ரூபாய்க்கு உடனே ஒப்புதல் கொடுத்துவிட்டு, மோட்டார் பில்லைக் கேட்டு எழுதுவதுதான் வழி. கடைக்காரரின் பெயரும் மோட்டாரின் குதிரைத்திறனும் இல்லாத துண்டுச்சீட்டை பில்லாக ஏற்கத் தேவையில்லை.

ஒப்படைக்கும் நாளில் பெரியவர் திருச்சிக்குப் போய்ப் பார்க்க வேண்டியவை: நான்கு வாடகை ஒப்பந்தங்களின் மூலப் பிரதி, மாதவாரி வசூல் கணக்கு, சொத்துவரி, குடிநீர் வரி ரசீதுகள், ரிப்பேர் பில்கள், மோட்டார் வாரண்டி அட்டை. நான்கு இ.பி. மீட்டரையும் அன்றைய அளவு தெரியப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். கேட், மொட்டைமாடி, மோட்டார் அறை, மீட்டர் பெட்டி ஆகியவற்றின் சாவிகளை எண்ணி எழுதி வாங்கினாலும், அந்தப் பூட்டுகளை அன்றே மாற்றிவிடுவதுதான் சரி. கள்ளச்சாவி எத்தனை வெட்டினார்கள் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. குடித்தனக்காரர்களின் வாசல் சாவிப் பிரதி நிறுவனத்திடம் இருந்தால், அதை அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் அநேகமாக எல்லோருமே மறக்கிறார்கள். மின் இணைப்பிலும் மாநகராட்சி வரிக் கணக்கிலும் பதிவாகியிருப்பது பெரும்பாலும் பராமரிப்பு நிறுவன ஊழியரின் கைபேசி எண். பில்லும் நிலுவை எச்சரிக்கையும் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். அந்த எண்ணை மாற்றாவிட்டால், பீஸைப் பிடுங்கிய பிறகுதான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும்.

60 நாள் கழிந்தும் கணக்கோ அட்வான்ஸோ வரவில்லையென்றால், கேட்டவுடன் கணக்குக் காட்டும் கடமை (பிரிவு 213), வசூலித்ததை ஒப்படைக்கும் கடமை (பிரிவு 218) இரண்டையும் சுட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அதன் பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், குறைபாடு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.