இருபது ரூபாய்க் காட்சியை விரலால் பார்க்க

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஒன்று அஞ்சறைப் பெட்டியின் அடியில் கிடந்தால் எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் தென்னை மரங்கள், நடுவில் கடல், எதிர்க்கரையில் குன்று, அங்கே ஒரு லைட் ஹவுஸ். அது எங்கள் ஊர்தான்: போர்ட் பிளேர், 2024 முதல் அரசுப் பதிவுகளில் ஸ்ரீ விஜயபுரம். நார்த் பேவுக்குப் படகேறும் சுற்றுலாக்காரர்கள் நோட்டைத் தூக்கிப் பிடித்து, எதிரே தெரிவதோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

அதே நோட்டின் முன்பக்கத்தில், வாட்டர்மார்க் இடத்துக்கு இடப்புறம், நிற்கிற செவ்வகம் ஒன்று மேடாக அச்சாகியிருக்கும். பார்வையில்லாதவர் தடவி அறிவதற்கு. அந்த வரிசையில் 50 ரூபாய்க்குச் சதுரம், 100-க்கு முக்கோணம், 500-க்கு வட்டம்.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, கண்ணின் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. "ஏம்மா, இந்த நோட்டுல நம்ம ஊரு இருக்காமே, எங்க?" என்று ஒரு நாள் கேட்டார். செவ்வகத்தை அவர் விரல் உடனே பிடித்துக்கொண்டது. பின்பக்கத்தை எத்தனை தடவினாலும் ஒன்றுமில்லை. அத்தனையும் மயிரிழைக் கோடுகள். கண்ணுக்கு மட்டும் போட்டவை. அந்தக் காட்சியைப் பெரிய கறுப்பு வெள்ளைப் படமாக ஒன்றும், தடவிப் பார்க்கும் மேட்டுப் படமாக ஒன்றும் செய்து கொடுத்தேன். மூன்று முறை கெடுத்த பிறகு தெரிந்துகொண்டவை இவை.

1. படத்தை எடுக்கும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். "இந்தக் கரையில் தென்னை, நடுவில் கடல், அந்தக் கரையில் குன்றும் லைட் ஹவுஸும்." அவ்வளவுதான். வாக்கியத்தில் வராதது படத்திலும் வரக்கூடாது. மேகம், அலை மினுக்கம், கரையோரச் செடி எல்லாம் இங்கேயே கழிந்துவிடும். வாக்கியம் நீண்டுகொண்டே போனால் படத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2. நோட்டையே பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். ரூபாய் நோட்டைப் போல ஒன்றை அச்சிடுவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அந்த இடத்தின் சொந்தப் புகைப்படம் ஒன்று போதும். அது அழகாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. எது எங்கே நிற்கிறது என்று காட்டினால் சரி.

3. போனிலோ கம்ப்யூட்டரிலோ கறுப்பு வெள்ளை ஆக்கும் பொத்தானை நம்பி இறங்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் இறங்கினேன். கம்ப்யூட்டரில் GIMP திறந்து Colors மெனுவில் Threshold போட்டு, நடுக்கோட்டை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தேன். தென்னையும் குன்றும் ஒரே கறுப்புத் திட்டாக ஒட்டிக்கொண்டன. கடலும் வானமும் ஒரே வெள்ளை. அலைகள் மட்டும் மிளகுத்தூள் தூவியது போல நின்றன. லைட் ஹவுஸின் சிவப்புப் பட்டைகளைக் காணவே காணோம்.

காரணம் எளியது. அந்தக் கருவி நிறத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தின் அளவை மட்டுமே பார்க்கிறது. நம் கண்ணுக்குச் சிவப்பும் காட்டுப் பச்சையும் நேர் எதிர். நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான். ஆகவே கையால் வரைவதே மேல். படத்தை A4 அளவில் பிரிண்ட் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து உங்கள் வாக்கியத்தில் உள்ளவற்றை மட்டும் மார்க்கரால் வரையுங்கள். கோலம் போடுகிற கை இதற்கு நன்றாகவே பழகியிருக்கும்.

4. மங்கலான பார்வை உள்ளவருக்கான படத்தில் கோடு தடிமனாக, குறைந்தது இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இருக்கட்டும். பின்னால் உள்ள குன்றை நடுச் சாம்பலாகவும், முன்னால் உள்ள தென்னையை முழுக் கறுப்பாகவும் நிரப்பி, இரண்டுக்கும் இடையில் வெள்ளை ஓரம் ஒன்று விடுங்கள். அந்த ஓரம் இல்லாவிட்டால் மரம் குன்றோடு கரைந்துவிடும். பளபளப்பான போட்டோ பேப்பர் வேண்டாம், டியூப்லைட் அதில் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும். வெள்ளைத் தாளே கூசுகிறது என்பவருக்குக் கறுப்பு சார்ட்டில் மஞ்சளால் வரைந்து கொடுத்துப் பாருங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க வெண்ணெய்த் தாள், அதாவது பட்டர் பேப்பர் போதும். ஒரு தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் படத்தை வைத்துப் பாருங்கள். அப்போதும் நாலு பொருளும் பிரிந்து தெரிந்தால் சரி. இது அவர்கள் பார்வையின் அச்சு அசலான நகல் அல்ல; உங்கள் படத்தின் பலவீனத்தைக் காட்டும் வடிகட்டி, அவ்வளவே.

5. "பெரிதாகப் போட்டால் நன்றாகத் தெரியும்" என்பது பாதி உண்மை. நடுப்பார்வை போனவருக்குப் பெரிய படம் உதவும். கிளாக்கோமாவால் ஓரப்பார்வை சுருங்கியவர் குழாய் வழியே பார்ப்பது போலப் பார்க்கிறார். சார்ட் அளவுக்குப் பெரிதாக்கினால் அவருக்கு ஒரு நேரத்தில் தென்னையின் ஒரு மட்டைதான் தெரியும். சிறிய, அழுத்தமான படமே அவருக்கு வசதி. எந்த வகை என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எழுத்து விஷயத்தில் நம் மொழிக்கென்று ஒரு சங்கடம் உண்டு: புள்ளி. 'க' எது, 'க்' எது என்பதே மங்கிய கண்ணுக்குத் தெரியாது. பெயர்களை ஒரே தடிமனான எழுத்தில் எழுதி, புள்ளியைத் தனியாக, எழுத்தைத் தொடாமல், சற்றுப் பெரிதாகவே வையுங்கள். பெயரைப் படத்தின் மேல் எழுதாமல் வெளியே வெற்றிடத்தில் எழுதுங்கள்.

6. மேட்டுப் படம் வேறு சங்கதி. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பது கண்ணின் கணக்கு. விரலுக்கு அது கிடையாது. புகைப்படத்தில் லைட் ஹவுஸ் ஒரு அரிசி அளவுதான். விரல் ஒரு வடிவத்தை வடிவமாக உணர அது ஆறு மில்லிமீட்டராவது வேண்டும். நான் சுண்டுவிரல் உயரத்துக்கே பெரிதாக்கினேன். பொய்தான், ஆனால் வேண்டிய பொய்.

தென்னைக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோடும் கோடும் குறுக்கிட வேண்டாம்: மரம் வரும் இடத்தில் பின்னால் உள்ள கரைக்கோட்டை மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தி, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குங்கள். வானத்தை அப்படியே விட்டுவிடுங்கள். விரல் இளைப்பாறவும் இடம் வேண்டுமே. மொத்தப் படமும் இரு உள்ளங்கைக்குள் அடங்கினால் போதும், A4 சரியான அளவு.

7. சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். அடித்தாள் கல்யாணப் பத்திரிகை அட்டை போலக் கெட்டியாக இருக்கட்டும். மருதாணி கோனைப் போலச் சுருட்டிய பாலிதீனில் ஃபெவிகால் நிரப்பிக் கரைக்கோட்டைப் பிழிந்து, அதன் மேல் கம்பளி நூலை அழுத்துங்கள். குன்றுக்கு உப்புத்தாள் வெட்டி ஒட்டலாம். தென்னந்தண்டுக்குச் சணல், மட்டைக்குப் பழைய ஜீன்ஸ் துணி. கடலுக்குக் கிடைமட்டமாகச் சின்னச் சின்ன நூல் துண்டுகள், தள்ளித் தள்ளி. லைட் ஹவுஸ் மட்டும் இரண்டு மூன்று அட்டை அடுக்கி எல்லாவற்றையும் விட உயரமாக. ஒரு படத்தில் நாலு வகை உரசலுக்கு மேல் போனால் விரல் குழம்பிவிடும்.

தையல் கடையில் கிடைக்கும் பல்சக்கரத்தை உருட்டிப் புள்ளிக்கோடும் போடலாம். தாளின் பின்பக்கத்திலிருந்து உருட்டினால்தான் முன்பக்கம் மேடு வரும். ஆகவே வரைபடத்தை முதலில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதை மறந்து நான் செய்த முதல் படத்தில் தென்னையும் லைட் ஹவுஸும் பக்கம் மாறி நின்றன.

8. எங்கள் தீவில் மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். அந்தக் காலத்தில் ஃபெவிகால் காய ஒரு முழு இரவாவது ஆகும். வெயில் வருமென்று வெளியே வைக்காமல், மின்விசிறிக்கு அடியில் தட்டையாக வையுங்கள். காயும் முன் மேலே புத்தகத்தை ஏற்றினால் மேடெல்லாம் சப்பையாகிவிடும். கடற்கரையில் கிடக்கிறதே என்று பவளத் துண்டையும் சிப்பியையும் எடுத்து வந்து ஒட்டவேண்டாம். இங்கே அவற்றை எடுப்பதற்குத் தடை உண்டு.

9. பள்ளிக்கூடம் போலப் பல பிரதி தேவைப்பட்டால் உப்பும் தாள் என்று ஒன்று இருக்கிறது. அதன் பூச்சில் சூட்டுக்கு உப்பும் நுண்குமிழிகள் உண்டு. கறுப்புப் படத்தை லேசர் பிரிண்டரில் அச்சிட்டு அதற்கான சூடேற்றும் கருவிக்குள் விட்டால், கறுப்பு சூட்டை உறிஞ்சி அந்த இடம் மட்டும் மேலெழும். கலர் இன்க்ஜெட் மை சரிவர எழும்பாது. இஸ்திரிப் பெட்டியை வைத்து முயல்வது தாளுக்குக் கேடு.

இங்கே பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். 4-ஆம் குறிப்பில் செய்த கறுப்பு நிரப்பிய படத்தையே இதில் விட்டால், பெரிய கறுப்புப் பரப்பு மொத்தமாக உப்பி மெத்தை போலாகிவிடும், ஓரம் எங்கே என்று விரலுக்குத் தெரியாது. கோடும் புள்ளியும் மட்டுமே உள்ள தனி வரைபடம் இதற்கு வேண்டும். டேராடூனில் உள்ள பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்துக்குச் சென்னையில் மண்டல மையம் உண்டு, டெல்லி ஐ.ஐ.டி.யிலும் பாடப்புத்தக மேட்டுப் படங்களில் வேலை நடந்திருக்கிறது. பெரிய அளவில் செய்பவர்கள் அங்கே விசாரிக்கலாம். வாங்கிய தாளைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள், ஈரம் அதற்கு ஆகாது.

10. நீங்களே கண்ணை மூடித் தடவிப் பார்ப்பது சோதனை ஆகாது. படம் ஏற்கெனவே உங்கள் மனசில் இருக்கிறதே! அத்தையிடம் "கீழே நம்ம கரை, மேலே அக்கரை" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். இரு கையாலும் ஒரு முறை முழுக்கத் தடவினார். கடலில் நிற்கவில்லை, குன்றை "மேடு" என்றார். தென்னையில் விரல் நின்றது.

"இது என்ன, துடைப்பமா?"

தப்பு அவருடையது இல்லை. விளக்குமாறு தென்னையிலிருந்து வந்ததுதானே, அவர் விரலுக்கு அதுதான் பழக்கம். நான் பன்னிரண்டு மட்டைகளை நெருக்கி ஒட்டியிருந்தேன். அவற்றை ஐந்தாக்கி, நன்றாகப் பிரித்து, நுனியைக் கீழே வளைத்து, நடுவில் எம்-சீலால் மூன்று தேங்காய் உருட்டி வைத்தேன். மறுநாள் அந்த உருண்டைகளைத் தொட்டதுமே "காய்ச்ச மரம்" என்றார்.

11. வேலை முடிந்ததும் படத்தின் மேல் வலது மூலையைக் கத்தரியால் சாய்வாக வெட்டிவிடுங்கள். எது மேல்பக்கம் என்று எடுக்கும்போதே கைக்குத் தெரியும். வெட்டாமல் விட்டதால் ஒரு நாள் முழுக்க அத்தை குன்றைக் கீழே வைத்துக்கொண்டு, எங்கள் கரையை அந்தப் பக்கம் தேடினார்.