மரகதம் உறங்கப் போகிறது

மாணவர்களே, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலைநாட்டில் அகளி என்னும் ஊர் உள்ளது. அப்பகுதியில் வாழும் பச்சைப் பஞ்சுருட்டானைப் பற்றிய கதை இது. மணல் மேட்டில் வளை தோண்டி முட்டையிடும் அப்பறவை, தேனீயைப் பிடித்தால் உடனே விழுங்காது. கிளையில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிய பின்னரே உண்ணும்.

மரகதம் என்பது அவ்வினத்துக் குஞ்சு. வளையைவிட்டு வெளிவந்து, முதன்முறையாக மரத்தில் உறங்க வேண்டிய மாலை அது.

“இருள்வதற்குள் வந்துவிடு. வல்லூறு இன்னும் வேட்டையை முடிக்கவில்லை” என்றது தாய்.

“நண்பர்களிடம் விடைபெற்று வருகிறேன், அம்மா” என்று மரகதம் பறந்தது.

முதலில் கரிச்சானைக் கண்டது. “இனிய இரவு, அண்ணா!” என்றது. கரிச்சானின் வாயில் ஈசல் இருந்தது. அதனால் இரட்டை வாலை மட்டும் அசைத்தது. உயர்ந்த மரமொன்றில் கிளைக்குக் கிளை தாவி ஏறிக்கொண்டிருந்த மயிலிடமும் மரகதம் விடைபெற்றது. மரப்பொந்திலிருந்து புள்ளி ஆந்தை எட்டிப் பார்த்தது.

“இனிய இரவு, மாமா!”

“எனக்கு இப்போதுதானே விடிகிறது! காலை வணக்கம் சொல்” என்று ஆந்தை கண்களை உருட்டியது.

அடுத்து, பவானி ஆற்றிடம் சென்றது. “நீ எப்போது உறங்குவாய்?” என்று கேட்டது.

“எனக்கேது உறக்கம்? மேட்டுப்பாளையம் வழியாகச் சென்று, பவானி நகரில் காவிரியோடு சேர வேண்டும். அங்கே யாருக்கேனும் செய்தி உண்டா?”

“அங்குள்ள குஞ்சுகளுக்கும் இனிய இரவு என்று சொல்!”

அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. மரகதம் விரைந்து திரும்பியது. மரத்தில் அதன் சுற்றத்தார் கூடியிருந்தனர். பஞ்சுருட்டான்கள் அமர்ந்தவுடன் உறங்கிவிடமாட்டா. ஆரவாரத்தோடு எழுந்து வட்டமிட்டு, மீண்டும் வந்து அமரும். அந்த ஆரவாரம் ஓய்ந்து, எல்லாம் தோளோடு தோள் நெருங்கி வரிசையாக அமர்ந்துவிட்டன. தாயின் இருபுறமும் இடமில்லை! மரகதத்தின் நெஞ்சு படபடத்தது.

வரிசையின் கடைசியில் முதிய பறவை ஒன்று இருந்தது. நடுவில் இருப்பவற்றுக்கு இருபுறமும் வெம்மை கிடைக்கும். கடைசியில் இருப்பதற்கோ ஒருபுறம் குளிர்காற்றுதான்.

“தாத்தா, உங்களிடம் நான் இன்னும் விடைபெறவில்லையே!”

“விடைபெறுவானேன்? இங்கேயே அமர்ந்துகொள்” என்றது முதிய பறவை.

மரகதம் அதன் அருகில் ஒட்டி அமர்ந்தது. இறகுகளைச் சிலிர்த்துப் பந்துபோல் ஆனது. இறகுகளுக்கிடையே தங்கிய காற்று உடல் வெம்மையைக் காத்தது. கழுத்தைத் திருப்பி, அலகை முதுகிறகில் புதைத்தது.

“இனிய இரவு, அம்மா!” என்று மெல்லக் கூவியது.

வரிசையின் நடுவிலிருந்து விடை வந்தது. அப்போது மரகதம் உறங்கியிருந்தது.

சொற்பொருள்: சுற்றத்தார் – உறவினர், வெம்மை – சூடு, ஆரவாரம் – பேரொலி.

விடை எழுதுக:
புள்ளி ஆந்தை காலை வணக்கம் கேட்டது ஏன்?
மரகதம் அமரும் முன் முதிய பறவைக்குக் குளிர்ந்தது ஏன்?
பவானி ஆறு செல்லும் வழியை வரைபடத்தில் கண்டு, அவ்வழியில் உள்ள உம் உறவினர் ஊர் ஒன்றைக் குறிக்க.