தன்னோடு தன்னை ஒப்பிடல்

நுழையும்முன்

ஒரு பயிற்சி பயனளித்ததா, ஒரு மருந்து வேலை செய்ததா என்று அறிய, முன்பும் பின்பும் அளந்து பார்க்கிறோம். அளந்த எண்களைத் தவறாக அடுக்கினால், உண்மையாக இருக்கும் பயனும் கண்ணுக்குப் புலப்படாமல் போகும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இரு பட்டியல்கள்

பேரிகை, ஓசூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த, கருநாடக எல்லையை ஒட்டிய தொழிற்பகுதியை நினைத்துக்கொள்வோம். அங்குள்ள ஒரு தொழிற்கூடத்தில் உதிரிபாகங்களைப் பொருத்தும் தொழிலாளர் பத்துப் பேருக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஒரு பாகத்தைப் பொருத்த ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் நேரம், பயிற்சிக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் குறிக்கப்படுகிறது. இப்போது நம் கையில் இருபது எண்கள் உள்ளன.

இவற்றை இருவகையாக நோக்கலாம். முன்பு பத்து, பின்பு பத்து எனத் தொடர்பற்ற இரு கூட்டங்களாகக் கருதுவது ஒருவகை. இவை சார்பற்ற கூறுகள் எனப்படும். ஒருவரின் முன் அளவையும் பின் அளவையும் ஓர் இணையாகச் சேர்த்து, அவற்றின் வேறுபாட்டைக் காண்பது மற்றொருவகை. இவை இணைக் கூறுகள் எனப்படும்.

இருபது ஆண்டு அனுபவம் உடையவரும் நேற்றுப் பணியில் சேர்ந்தவரும் அந்தப் பத்துப் பேருள் இருக்கலாம். அவ்விருவருக்கும் இடையிலுள்ள வேக வேறுபாடு, பயிற்சி தரும் முன்னேற்றத்தைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கக்கூடும். முதல்வகை நோக்கில் இந்த ஆளுக்கு ஆள் வேறுபாடு முழுவதும் கணக்கினுள் புகுந்து, சிறிய முன்னேற்றத்தை மூடிவிடுகிறது. இரண்டாம் வகையிலோ, ஒவ்வொருவரும் தம்மோடு தாமே ஒப்பிடப்படுவதால், அவ்வேறுபாடு கழித்தலிலேயே நீங்கிவிடுகிறது.

பத்து நோயாளிகளின் உறக்கம்

இதனை உண்மைத் தரவு ஒன்றால் காண்போம். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் 1908இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். இன்று டி-சோதனை என வழங்கும் முறை அவ்வுரையிலிருந்தே வளர்ந்தது. அதில் அவர் எடுத்துக்காட்டாகக் கையாண்டது, பத்து நோயாளிகளுக்கு இரு தூக்க மருந்துகள் வெவ்வேறு இரவுகளில் தரப்பட்ட ஆய்வின் தரவு. மருந்தில்லா இரவுகளைவிட அவர்கள் கூடுதலாகத் தூங்கிய நேரம் மணிக்கணக்கில் கீழே தரப்பட்டுள்ளது. குறை எண், தூக்கம் குறைந்ததைக் காட்டும்.

| நோயாளி | முதல் மருந்து | இரண்டாம் மருந்து | வேறுபாடு |
|---|---|---|---|
| 1 | 0.7 | 1.9 | 1.2 |
| 2 | −1.6 | 0.8 | 2.4 |
| 3 | −0.2 | 1.1 | 1.3 |
| 4 | −1.2 | 0.1 | 1.3 |
| 5 | −0.1 | −0.1 | 0.0 |
| 6 | 3.4 | 4.4 | 1.0 |
| 7 | 3.7 | 5.5 | 1.8 |
| 8 | 0.8 | 1.6 | 0.8 |
| 9 | 0.0 | 4.6 | 4.6 |
| 10 | 2.0 | 3.4 | 1.4 |
| சராசரி | 0.75 | 2.33 | 1.58 |

இங்கு ஒப்பிடப்படுபவை இரு மருந்துகள். எனினும் ஒரே ஆளை இருமுறை அளந்தமையால், முன்-பின் அளவுகளுக்குரிய அமைப்பே இதற்கும் உரியது.

முதலில், இரு மருந்துகளையும் வெவ்வேறு பத்துப் பேர் உட்கொண்டனர் எனத் தவறாகக் கொள்வோம். முதல் நிரலின் திட்டவிலக்கம் 1.79, இரண்டாவதன் திட்டவிலக்கம் 2.00. இவற்றின் வர்க்கங்களைத் தனித்தனியே 10ஆல் வகுத்துக் கூட்டி வர்க்கமூலம் கண்டால், சராசரி வேறுபாட்டின் திட்டப்பிழை 0.85 எனக் கிடைக்கும். 1.58ஐ இதனால் வகுக்க, டி-மதிப்பு 1.86 ஆகிறது. 5 விழுக்காடு மிகைகாண் நிலையில், 18 கட்டின்மைக் கூறுகளுக்கு அட்டவணை வேண்டும் மதிப்பு 2.10. நாம் கண்டது அதற்குக் குறைவு. எனவே மருந்துகளிடையே வேறுபாடு உண்டு எனக் கூறப் போதிய சான்று இல்லை என்ற முடிவுக்கு வருவோம்.

இனி, வேறுபாட்டு நிரலை மட்டும் நோக்குவோம். அதன் திட்டவிலக்கம் 1.23. இதனை 10இன் வர்க்கமூலத்தால் வகுக்க, திட்டப்பிழை 0.39 ஆகிறது. டி-மதிப்பு 4.06 எனக் கிடைக்கிறது. 9 கட்டின்மைக் கூறுகளுக்கு வேண்டும் மதிப்பு 2.26. நாம் கண்டது அதனினும் மிகப் பெரிது. உண்மையில் வேறுபாடே இல்லையெனில், இத்தகைய மதிப்பு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு 1000க்கு 3 அளவே.

மாறியது எது?

நோயாளிகள் மாறவில்லை, எண்கள் மாறவில்லை, சராசரி வேறுபாடாகிய 1.58உம் மாறவில்லை. மாறியது திட்டப்பிழை மட்டுமே. அட்டவணையை மீண்டும் நோக்குக. ஆறாம், ஏழாம் நோயாளிகள் இரு மருந்துகளாலும் நெடுநேரம் தூங்கினர்; நான்காமவர் இரண்டாலும் பெரும்பயன் பெறவில்லை. ஒரு நிரலில் உயர்ந்தவர் பெரும்பாலும் மற்றதிலும் உயர்ந்தே நிற்கிறார். இரு நிரல்களுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.8. இவ்வொட்டுறவு எவ்வளவு மிகுதியோ, கழித்தலால் நீங்கும் வேறுபாடும் அவ்வளவு மிகுதி.

உண்மையாக உள்ள வேறுபாட்டைக் கண்டறியும் வாய்ப்பே சோதனையின் திறன் எனப்படும். இணையைப் பிரித்தால் இழப்பது இத்திறனையே. இவ்விழப்பை ஆட்களின் எண்ணிக்கையாலும் சொல்லலாம். வெவ்வேறு ஆட்களைக் கொண்டு 0.39 என்னும் அதே திட்டப்பிழையை அடைய, ஒரு மருந்துக்கு 48 பேராக 96 பேர் தேவைப்படுவர். இணையாக அளந்தபோது 10 பேரே போதுமாயினர்.

இணைத்தலின் எல்லைகள்

இணைத்தலுக்கும் ஒரு விலை உண்டு. கட்டின்மைக் கூறுகள் 18இலிருந்து 9ஆகக் குறைந்ததையும், அதனால் வேண்டும் மதிப்பு 2.10இலிருந்து 2.26ஆக உயர்ந்ததையும் கண்டோம். ஒட்டுறவு இல்லாத இடத்தில் இணைப்பதால் ஆதாயம் இல்லை. இவ்விலை மட்டுமே மிஞ்சும். ஆனால் ஒரே ஆளின் இரு அளவுகளிடையே ஒட்டுறவு பெரும்பாலும் இருக்கவே செய்யும்.

எல்லாவற்றையும் இணைக்கவும் இயலாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், நோயாளிகள் குலுக்கல் முறைபோலத் தற்செயலாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றொரு பிரிவினர் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்றனர். ஓராண்டுச் சிகிச்சையை ஒருவரே ஈரிடத்தும் பெறுதல் இயலாது. எனவே அங்குச் சார்பற்ற கூறுகளே பொருத்தமானவை.

மேலும், முன்-பின் அளவில் கண்ட மாற்றம் பயிற்சியால் மட்டும் விளைந்தது எனக் கொள்ளலாகாது. நாளடைவில் கை பழகியதாலும் வேகம் கூடியிருக்கலாம். இதனைப் பிரித்தறிய, பயிற்சி பெறாத ஒரு குழுவையும் அதே இரு நாள்களில் அளத்தல் வேண்டும்.

இறுதியாக, இணைத்தல் என்பது கணக்கிடும் நாளில் தொடங்குவதன்று. அளக்கும் நாளிலேயே தொடங்குகிறது. பெயரோ வரிசை எண்ணோ குறிக்காமல் முன் அளவுகளை ஒரு தாளிலும் பின் அளவுகளை வேறொரு தாளிலும் எழுதினால், எவருடைய எண் எது என்பது மறைந்துவிடும். பின்னர் எந்தச் சூத்திரத்தாலும் அதனை மீட்க இயலாது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வகுப்பில் பத்து மாணவரின் நாடித்துடிப்பை, ஓடுவதற்கு முன்பும் இரண்டு நிமிடம் ஓடிய பின்பும் அளந்து அட்டவணைப்படுத்துக. இருவகையிலும் டி-மதிப்பைக் கண்டு ஒப்பிடுக.
2. மேற்கண்ட அட்டவணையில் இரண்டாம் மருந்தின் நிரலை மட்டும் வரிசை மாற்றி எழுதுக. சராசரி வேறுபாடும் அதன் திட்டப்பிழையும் என்னவாகின்றன என்பதைக் கண்டு, காரணம் கூறுக.